மறு: 'ஆண்மைக்குறைவு'க்கு மாற்றுச் சொல்

நண்பர்களே, நடுவயது ஆண்களுக்கான மருத்துவக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். 'ஆண்மைக்குறைவு' வேண்டாம், வாசிப்பவரையே குறைத்துவிடுகிறது. 1992-இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவும் இதே காரணத்தால் 'இம்பொடன்ஸ்' என்பதைக் கைவிடச் சொன்னது. 'விறைப்பின்மை' போதுமா?
— மொழிபெயர்ப்பாளர்

போதாது. என்னிடம் வருபவர்களில் பலர் சொல்வது, "வருது டாக்டர், நிக்க மாட்டேங்குது" என்பதுதான். ரத்தம் உள்ளே வந்தால் மட்டும் போதாது, விரிந்த திசு சிரைகளை அழுத்தி வெளியேறும் வழியை அடைக்க வேண்டும், அந்த அடைப்பு தளர்ந்தால் பாதியிலேயே போய்விடும். 'விறைப்பு நிலைக்காமை' என்பது என் பரிந்துரை.
— சிறுநீரகவியல் மருத்துவர்

காலையில் எழும்போது விறைப்பு இருந்தால் அது மனசு சம்பந்தப்பட்டதுதான், ரத்தப் பரிசோதனைக்குக் காசைக் கரியாக்க வேண்டாம். ஆகவே 'மன' என்று முன்னொட்டு சேர்க்கலாம்.
— தமிழாசிரியர்

ஐயா, எனக்கு 51 வயது. பிரஷர் மாத்திரை மாற்றிய மூன்றாம் வாரத்திலிருந்து இதே தொந்தரவு. மாத்திரையை நிறுத்திவிடலாமா? சொல் எதுவானாலும் சரி.
— குழு உறுப்பினர்

நீங்களாக நிறுத்தாதீர்கள். சில பீட்டா பிளாக்கர்களும் நீர் பிரிக்கும் மாத்திரைகளும் இப்படிச் செய்வதுண்டு, எழுதிக்கொடுத்தவரிடம் தேதியோடு சொல்லுங்கள், மாற்று இருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர்கள் விறைப்புக்கான சில்டெனாபில் மாத்திரை பக்கமே போகக்கூடாது.

ஆசிரியர் ஐயா சொன்னது பாதி சரி. திடீரென்று தொடங்கி, ஒரு சூழலில் மட்டும் வந்து, காலையில் நன்றாக இருந்தால் மனம் முக்கியக் காரணமாக இருக்கலாம். ஆனால் அண்மையில் வந்த 46 வயதுக்காரர் ஒருவருக்கு எட்டு மாதமாக மெல்ல மெல்லக் குறைந்திருக்கிறது, காலை விறைப்பும் இருக்கிறது, ஆனால் முன்போல் உறுதியாக இல்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை 160. இரண்டு முறை பாதியில் போனபின் மூன்றாம் முறை பயத்தோடே படுத்திருக்கிறார், பயத்தில் சுரக்கும் அட்ரினலின் திசுவைச் சுருக்கிவிடும், அப்புறம் தோல்வி உறுதி. இதில் உடலையும் மனதையும் எங்கே பிரிப்பது? இன்னொன்று, ஆண்குறிக்குப் போகும் தமனி இதயத் தமனியைவிடச் சிறியது, அடைப்பு முதலில் இங்கே தெரியலாம். அதனால் இவருக்குக் கொழுப்பும் இதயமும் பார்க்கச் சொன்னேன்.
— சிறுநீரகவியல் மருத்துவர்

அப்படியானால் 'மன' முன்னொட்டை விட்டுவிடுகிறேன். ஆனால் 'நிலைக்காமை' என்றால் எழாமலே போவது விடுபடுகிறதே?
— தமிழாசிரியர்

தலைப்பில் 'விறைப்புக் குறைபாடு' என்றும், அதனுள் 'எழாமை', 'நிலைக்காமை' என்றும் பிரித்துக்கொள்கிறேன். அந்த மூன்றாம் முறை பயத்துக்குத்தான் சொல் கிடைக்கவில்லை. அகராதியில் 'செயல்திறன் பதற்றம்' என்றிருக்கிறது, தேர்வு எழுதப்போவது போல ஒலிக்கிறது. 'முடியுமோ பயம்' என்று எழுதினால் புரியுமா?
— மொழிபெயர்ப்பாளர்