‘கூற்றலகு’ சரிவருமா? ஊடகக் குறிப்பை ஆங்கிலமாக்கும் அட்டவணைக்கு ஒரு சொல் வேண்டும்

கிளிநொச்சியிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். கச்சேரியிலிருந்து வரும் வெள்ள நிலவர ஊடகக் குறிப்புகளை அன்றன்றே ஆங்கிலமாக்கி, வெளிநாட்டுப் பங்காளி அமைப்புக்கு அனுப்புவது என் வேலை. போன மாரியில் நான் விட்ட ஒரு பிழைக்குப் பிறகு, குறிப்பை முதலில் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்ட பின்தான் ஆங்கிலத்தில் கை வைக்கிறேன். இப்போது புதிதாக வந்த மூன்று பிள்ளைகளுக்கு இதைப் பழக்க வேண்டும். அட்டவணையின் முதல் நிரலுக்கு ‘ஃபெக்ட்’ என்று போட்டிருக்கிறேன். அதற்குத் தமிழில் ஒரு சொல் தாருங்கள்.

குறிப்பு இப்படித்தான் இருந்தது. குளத்தின் பெயரை எடுத்து, எண்களையும் மாற்றியிருக்கிறேன்.

“கனமழை காரணமாகக் குளத்தின் நீர்மட்டம் 24 அடியைத் தாண்டியுள்ள நிலையில், இரண்டு வான்கதவுகள் நேற்று மாலை முதல் தலா 6 அங்குலம் திறக்கப்பட்டுள்ளதாக மாவட்டச் செயலாளர் தெரிவித்தார். 312 குடும்பங்களைச் சேர்ந்த 1,046 பேர் பாதிக்கப்பட்டுள்ளதுடன், 41 குடும்பங்களைச் சேர்ந்த 138 பேர் இரண்டு பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டுள்ளனர். சுமார் 850 ஏக்கர் நெற்செய்கை நீரில் மூழ்கியுள்ளதாகத் தெரிவிக்கப்படுகிறது. சேத விபரங்களைத் திரட்டுமாறு அரசாங்க அதிபர் பணித்துள்ளார்.”

‘உள்ளதுடன்’ என்பதை நான் வெறும் ‘அண்ட்’ என்று எழுதிவிட்டேன். அவர்கள் இரண்டையும் கூட்டி, 1,184 பேருக்கு உலர் உணவுக் கணக்குப் போட்டுவிட்டார்கள். அரிசி மூட்டைகள் வந்து இறங்கிய பிறகுதான் எனக்கே விளங்கியது.

மன்னாரிலிருந்து

அக்கா, ‘உண்மைக்கூறு’ என்று வைக்கலாம். கேட்டவுடனே விளங்கும். ‘உள்ளதுடன்’ என்ற இடத்தில் ‘இன்க்ளூடிங்’ போட்டிருந்தால் பிரச்சினையே வந்திராது. ‘நிலையில்’ என்பதற்கு ‘பிகோஸ்’ போடுங்கள், வெளிநாட்டவருக்குக் காரணம் தெளிவாகத் தெரிய வேண்டும். ஏக்கரும் அவர்களுக்குப் புரியாது. 850 ஏக்கர் என்றால் 343.98 ஹெக்டயர், அதையே எழுதுங்கள்.

வவுனியாவிலிருந்து

தம்பி, ஹெக்டயராக மாற்ற வேண்டும் என்றது சரி. ஆனால் ‘சுமார் 850’ என்று எழுதியவர் வயலை அளந்து பார்த்து எழுதவில்லை. அதை 343.98 ஆக்கினால், அளந்தவருக்கே தெரியாத ஒரு நுட்பத்தை நாங்கள் சேர்க்கிறோம். 850 ஏக்கரை அப்படியே வைத்து, பக்கத்தில் ‘ஏறத்தாழ 340 ஹெக்டயர்’ என்று எழுதினால் போதும்.

‘நிலையில்’ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முப்பது வருடம் கச்சேரியில் இந்த வசனங்களோடுதான் இருந்தேன். குறிப்பை எழுதியவருக்குக் காரணம் சொல்லத் தெரியும். மழைக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவில் ‘காரணமாக’ என்று எழுதியிருக்கிறார் பாருங்கள். நீர்மட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் மட்டும் ‘நிலையில்’ என்று நிறுத்திக்கொண்டார். கதவு திறப்பது மேலே இன்னும் எவ்வளவு நீர் வருகிறது, கீழே ஆறு எவ்வளவு தாங்கும் என்பதையும் பொறுத்தது. அவர் சொல்லாத காரணத்தை நீங்கள் சொல்லக் கூடாது. ஆங்கிலத்தில் இரண்டு வசனமாகப் பிரித்து விடுங்கள்: மட்டம் 24 அடியைத் தாண்டியிருக்கிறது, கதவுகள் இரண்டு, ஒவ்வொன்றும் 6 அங்குலம், இன்ன திகதி மாலையிலிருந்து திறந்திருக்கின்றன. ‘நேற்று’ என்பதைக் குறிப்பு எழுதிய திகதியிலிருந்து எண்ணுங்கள். பேப்பரில் வந்த திகதியிலிருந்து எண்ணினால் ஒரு நாள் தள்ளிப்போகும்.

‘உண்மைக்கூறு’ எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் வசனத்தைச் சொன்னவர் மாவட்டச் செயலாளர். இரண்டாவது வசனத்தை யார் சொன்னார் என்றே இல்லை, குறிப்பே சொல்கிறது. மூன்றாவது ‘தெரிவிக்கப்படுகிறது’, அங்கேயும் ஆள் இல்லை, ஆனால் எழுதியவர் தன் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த மூன்றும் மூன்று தரம். எல்லாவற்றுக்கும் முன்னால் ‘மாவட்டச் செயலாளரின்படி’ என்று ஒட்டினால், அவர் சொல்லாத 850 ஏக்கரும் அவர் வாயில் போய்விடும். துண்டு என்றால் அதற்குள் யார் சொன்னது, என்ன, எவ்வளவு, எப்போது, எவ்வளவு உறுதியாக என்ற ஐந்தும் இருக்க வேண்டும். அது உண்மையா என்பது எங்கள் பொறுப்பில் இல்லை, சொல்லப்பட்டதா என்பதுதான் பொறுப்பு. ஆகவே ‘கூற்றலகு’ என்கிறேன்.

இன்னொன்று, தங்கச்சி. மாவட்டச் செயலாளரும் அரசாங்க அதிபரும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும். வெளியில் இருப்பவர் இரண்டு அதிகாரிகள் என்று நினைப்பார். ஆங்கிலத்தில் ஒரே பதவிப் பெயரைக் கடைசிவரை வையுங்கள்.

முல்லைத்தீவிலிருந்து

‘ஊடகக் குறிப்பு’ என்பதைவிட ‘செய்திக்குறிப்பு’தான் நல்ல சொல் என்பது என் கருத்து. எங்கள் பக்கத்தில் புயலுக்குப் பிறகு “12 வள்ளங்கள் சேதம்” என்று வந்ததை ஒருவர் வெறுமனே ‘போட்’ என்று மொழிபெயர்த்தார். அங்கே இருந்தவர்கள் ஆழ்கடலில் பல நாள் நின்று தொழில் செய்யும் பெரிய கலங்கள் என்று நினைத்து, இயந்திரத்தின் அளவைக் கேட்டு மடல் போட்டார்கள். கரையோரம் போய்வரும் வள்ளம் என்று விளக்கி முடிக்கவே ஒரு கிழமை போனது.

கிளிநொச்சியிலிருந்து

அண்ணை, நான் கேட்டது குறிப்புக்குப் பெயரல்ல, அதற்குள் இருக்கும் துண்டுக்கு. ஆனால் வள்ளக் கதை உதவியது. அட்டவணையில் ‘மூலச் சொல்’ என்று இன்னொரு நிரல் சேர்த்துவிட்டேன். ‘வான்கதவு’, ‘நெற்செய்கை’ போன்றவை தமிழில் இருந்தபடியே அதில் நிற்கும்.

ஐயா சொன்னபடி அந்தக் குறிப்பைத் திரும்ப வெட்டிப் பார்த்தேன். முன்பு ஏழு துண்டு வந்தது, இப்போது பதினொன்று. ‘தலா’ என்பதை முன்பு விட்டிருந்தேன். அது இல்லாவிட்டால் 6 அங்குலம் இரண்டு கதவுக்கும் சேர்த்தா என்ற சந்தேகம் வரும். ஆங்கிலத்தை எழுதி முடித்ததும், தமிழை மூடி வைத்துவிட்டு, ஆங்கிலத்திலிருந்து ஒவ்வொரு இலக்கத்துக்கும் விடை எடுக்கச் சொல்லி ஒரு பிள்ளையிடம் கொடுத்தேன். ‘யார் சொன்னது’ என்பதில் இரண்டு இடத்தில் தடக்கினாள். அந்த இரண்டு வசனத்தையும் திருத்தினேன்.

‘கூற்றலகு’ என்று சொன்னபோது, ‘அலகு’ என்றால் பரீட்சைப் பாடத்திட்டத்தில் வரும் அலகா என்று கேட்டார்கள். ‘சங்கதி’ என்றால் என்ன? “இதில எத்தனை சங்கதி இருக்கு?” என்று கேட்டால் ஒரு பிள்ளைக்கும் விளக்கம் தேவையில்லை.

வவுனியாவிலிருந்து

விளங்கும், மறுக்கவில்லை. ஆனால் சங்கதி என்றால் ஒரு குறிப்பு முழுவதும் ஒரு சங்கதியாகலாம், ஒரு வசனமும் ஒரு சங்கதியாகலாம். எங்கே வெட்டுவது என்பதை அந்தச் சொல் சொல்லாது. நான் இன்னும் கூற்றலகு பக்கம்தான்.

மன்னாரிலிருந்து

உண்மைக்கூற்றை விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த 138 பேருக்கு ‘இன்க்ளூடிங்’தானே சரி? பாதிக்கப்படாதவர் ஏன் பாடசாலையில் வந்து தங்கப்போகிறார்?

கிளிநொச்சியிலிருந்து

நானும் அப்படித்தான் நினைத்தேன், தம்பி. இன்று காலை அந்தக் கணக்கை எழுதிய உத்தியோகத்தரோடு கதைத்தேன். 138 பேரில் 109 பேர் 1,046க்குள் வருகிறார்கள். மிச்சம் 29 பேர் பக்கத்துப் பிரிவிலிருந்து ஆற்றைத் தாண்டி வந்தவர்கள், அவர்களுடைய கணக்கு மற்றப் பிரிவின் பட்டியலில் இருக்கிறது. ‘இன்க்ளூடிங்’ போட்டிருந்தாலும் பிழைதான், கூட்டியதும் பிழைதான். பங்காளிக்கு அனுப்பும் திருத்தத்தில் இரண்டு எண்களையும் தனித்தனி வசனமாக எழுதி, ஒன்றின்மேல் ஒன்று எவ்வளவு படிகிறது என்று குறிப்பில் இல்லை என்றும், 29 பேர் என்ற தகவல் தொலைபேசியில் கிடைத்தது என்றும் அடியில் போட்டிருக்கிறேன்.

நிரலின் தலைப்பில் இப்போதைக்குக் ‘கூற்றலகு’ என்று அடித்திருக்கிறேன். பிள்ளைகள் வாயில் சங்கதிதான் வருகிறது.