போர்டில் கடைசி வரி வரை படித்தவரின் இடது கண்

கேமரா அறை

ஒருத்தர் முகம் மனசை விட்டுப் போகல, அதான் எழுதறேன். வயசு 46, சுகர் வந்து 11 வருஷம். மனைவிக்குத் துணையா வந்தவரை "நீங்களும் காட்டிட்டுப் போங்க"ன்னு உட்கார வெச்சோம். ரெண்டு கண்ணும் 6/6. கடைசி வரியைக் கடகடன்னு படிச்சார்.

சொட்டு மருந்து போட்டு, அரை மணி நேரத்துல கண் பாப்பா நல்லா விரிஞ்சதும் விழித்திரையைப் படம் எடுத்தோம். வலது கண்ணுல அங்கங்க சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். இடது கண் திரையில வந்ததும் கை நின்னுடுச்சு. பார்வை நரம்பு வட்டத்து மேல, உதிர்ந்த முடியைச் சுருட்டி வெச்ச மாதிரி மெல்லிய சிவப்பு இழைகள். சாதாரண ரத்தக்குழாய் கிளை பிரிஞ்சு பிரிஞ்சு மெலிஞ்சுகிட்டே போகும். இது வளைஞ்சு தன் மேலயே திரும்பி வந்துச்சு. புதுசா முளைச்ச குழாய், வட்டத்துல கிட்டத்தட்ட பாதியை மூடியிருந்தது.

இந்த வாரமே லேசர் ஆரம்பிக்கணும்னு டாக்டர் சொன்னார். அந்த மனுஷர் திரையைப் பார்த்தார், ஒரு கண்ணை மூடி எதிர்ச் சுவர்ல இருந்த எழுத்தைப் படிச்சார். "எனக்கு எல்லாம் தெரியுதே"ன்னார். லேசருக்கு வரல, மூணு மாசம் கழிச்சுதான் வந்தார். குனிஞ்சு செருப்பு மாட்டும்போது இடது கண்ணுல கரி கரைஞ்ச மாதிரி இறங்குச்சாம். புதுக் குழாய் உடைஞ்சு உள்ள ரத்தம் கசிஞ்சிருந்தது. அந்தக் கண்ணுக்கு முன்னாடி கை ஆட்டினா ஆடுதுன்னு சொன்னார், விரலை எண்ண முடியல.

சுகர் 2014

எனக்கும் இதே பிரச்சினைதான் சார். போன மாசம் போட்ட கண்ணாடி இப்போ சேரல. தூரம் மங்கலா இருக்கு, ஆனா பக்கத்துல கண்ணாடி இல்லாமலே படிக்க முடியுது. இதுக்கும் லேசர் வைக்கணுமா?

பவர் பார்க்கிறவன்

நண்பரே, நீங்க சொல்றது வேற. சுகர் ஏறி இறங்கும்போது கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் தண்ணி உறிஞ்சி உப்பும், வத்தும். அதனால பவர் மாறுது. சுகர் ஒரு நிலைக்கு வந்து சில வாரம் போனப்புறம் பவர் பார்த்தாத்தான் கண்ணாடி நிக்கும். அதுக்கு லேசர் தேவையில்லை. ஆனா விழித்திரையைப் பார்த்து எத்தனை நாளாச்சுன்னு எழுதாம விட்டுட்டீங்க.

மேலே எழுதினவர் சொன்ன 6/6 பத்தி ஒண்ணு. போர்டு படிக்கிறது விழித்திரை நடுவுல இருக்கிற ஒரு சின்னக் குழியோட வேலை. சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் அகலம்தான். புதுக் குழாய் முளைக்கிறது பெரும்பாலும் நரம்பு வட்டத்துலயும், பெரிய குழாய்கள் ஓடுற வழியிலயும். அங்க எவ்வளவு கெட்டாலும் நடுக்குழி சுத்தமா இருந்தா கடைசி வரி தெரியும். விழித்திரைக்கு வலியும் தெரியாது. அதனால பலருக்கு முதல் அறிகுறியே அந்த ரத்தக்கசிவாத்தான் இருக்கும். பவர் பார்க்கிற இடத்துல "கண் நல்லா இருக்கு"ன்னு சொன்னா அதுக்குப் பவர் சரியா இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். நாங்க இதை வாயத் திறந்து சொல்றதில்லை. அது எங்க தப்பு.

கணக்கு வைப்பவர்

இவ்வளவு பயம் தேவையில்லை. மூணு மாச சராசரி சுகரைக் காட்டற ஹெச்பிஏ1சி 7-க்குள்ள இருந்தா விழித்திரைக்கு ஒண்ணும் வராது. அவர் சுகரைக் கவனிச்சிருக்க மாட்டார்.

லேசர் அறை நர்ஸ்

கணக்கு ஐயா, நீங்க சொல்றதுல பாதி சரி. சுகர் கட்டுக்குள்ள இருந்தா வர்ற வாய்ப்பு குறையும், வந்தாலும் மெதுவாப் போகும். "வராது"ன்னு மட்டும் சொல்லாதீங்க. எத்தனை வருஷமா சுகர் இருக்கு, பிரஷர் எவ்வளவு, கிட்னி எப்படிங்கறதும் சேர்ந்துதான் முடிவாகுது. இப்போ 6.8 இருக்கிறவருக்கு முன்னாடி எட்டு வருஷம் 10 இருந்திருந்தா, அந்த எட்டு வருஷம் குழாய்ச் சுவர்ல அப்படியே பதிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு, பலருக்குத் தெரியாது. ரொம்ப நாள் ஏறிக் கிடந்த சுகரைச் சட்டுனு இறக்கினா, ஏற்கெனவே இருக்கிற விழித்திரைக் கோளாறு முதல் சில மாசம் மோசமாகலாம். அதுக்காகச் சுகரை இறக்காம விடக்கூடாது, நீண்ட காலத்துல இறக்கினவங்களுக்குத்தான் நல்லது. இன்சுலின் மாதிரி பலமான மருந்து தொடங்கறதுக்கு முன்னாடி விழித்திரையைப் பார்த்துடணும், அவ்வளவுதான். சுகர் இருக்கிற பெண்கள் கர்ப்பமானாலும் முதல் மூணு மாசத்துக்குள்ள பார்க்கணும்.

நான் சொல்ல வந்தது ஒரு அம்மாவைப் பத்தி. ஃபைல்ல மூணு வருஷமா "கண் பரிசோதனை – நார்மல்"னு இருந்துச்சு. ஒரு தடவைகூடச் சொட்டு மருந்து போடல. புரை வேற, பாப்பாவும் சின்னது. அந்தப் படங்களை எடுத்துப் பார்த்தா முழுக்கப் பனி மூட்டம். பார்க்க முடியாத படத்தை நார்மல்னு எழுதியிருக்காங்க.

அதனால யாரும் கேட்கலைன்னாலும் சொல்றேன். போனதும் "சொட்டு மருந்து போடுவீங்களா, இல்ல மருந்தில்லாம கேமராவா"ன்னு கேளுங்க. கேமராவா இருந்தாலும் குத்தமில்லை, ஆனா "ரெண்டு கண் படமும் தெளிவா வந்துச்சா"ன்னு கேளுங்க. வரலைன்னா அன்னிக்குப் பரிசோதனை நடக்கலைன்னுதான் கணக்கு. மருந்து போட்டா நாலஞ்சு மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்துல படிக்க முடியாது. வண்டி ஓட்டிட்டு வராதீங்க, கறுப்புக் கண்ணாடி எடுத்துட்டு வாங்க. சிலருக்குக் கண்ணின் முன்கோணம் குறுகலா இருக்கும், மருந்து போட்டா கண்ணுக்குள்ள அழுத்தம் திடீர்னு ஏறலாம். வீட்டுக்குப் போனப்புறம் கண் சிவந்து, கடுமையா வலிச்சு, வாந்தி வந்தா அன்னிக்கே திரும்ப வந்துடுங்க. கடைசியா, விழித்திரை எந்த நிலையில இருக்குன்னு எழுதி வாங்குங்க. "லேசா இருக்கு"ன்னு வாயால சொன்னது அடுத்த வருஷம் ஒப்பிடப் பயன்படாது.

கணக்கு வைப்பவர்

"வராது" என்றது தவறுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லோருக்கும் வருஷா வருஷம் எதற்கு? இங்கிலாந்தில் 2023 முதல், தொடர்ந்து இரண்டு முறை பாதிப்பு இல்லாதவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போதும் என்று மாற்றிவிட்டார்களே.

பவர் பார்க்கிறவன்

அங்க பேரைப் பதிவு பண்ணி, தேதி வந்தா அவங்களே கூப்பிடறாங்க. கூப்பிட ஆள் இல்லாத இடத்துல ரெண்டு வருஷம்னு சொன்னா அது அஞ்சு வருஷமாகிடும்.

லேசர் அறை நர்ஸ்

நானும் அதைத்தான் நினைக்கறேன். ஆனா சுத்தமா இருக்கிறவங்களை வருஷா வருஷம் வரவெச்சு, லேசர் தேவைப்படறவங்களுக்கு நேரம் கிடைக்காமப் போறதையும் பார்க்கறேன். எனக்கு இதுல முடிவு தெரியல. ஒரு புள்ளி தெரிஞ்சுட்டாக்கூட ரெண்டு வருஷப் பேச்சே கிடையாதுங்கறது மட்டும் உறுதி.

சுகர் 2014

சார், விழித்திரை இதுவரை பார்த்ததே இல்லை. 2014-ல சுகர்னு சொன்னப்போ சுகர் மாத்திரை மட்டும்தான் கொடுத்தாங்க.

பவர் பார்க்கிறவன்

உங்களுக்கு இருக்கிறது டைப் 2-ன்னா, கண்டுபிடிச்ச அன்னிக்கே முதல் தடவை பார்த்திருக்கணும். சுகர் எப்போ ஏற ஆரம்பிச்சதுன்னு யாருக்கும் தெரியாதே. கண்ணாடியை அப்புறம் மாத்திக்கலாம், இதை இந்த வாரம் பாருங்க.

கேமரா அறை

நான் முதல்ல எழுதின 46 வயசுக்காரருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டு உள்பெட்டியில ரெண்டு பேர் எழுதியிருந்தீங்க. கசிஞ்ச ரத்தம் தானா வடியுதான்னு காத்திருந்து பார்த்தோம், வடியல. குழாயோட சேர்ந்து வளர்ந்த தழும்புச் சவ்வு விழித்திரையை இழுக்க ஆரம்பிச்சிருந்தது. ஆபரேஷன் பண்ணி ரத்தத்தையும் சவ்வையும் எடுத்தாங்க. இடது கண் 6/36 வரைக்கும் வந்தது, அதுக்கு மேல வரல.

வலது கண்ணைத் தள்ளித் தள்ளிப் போடாம வந்து காட்டினார். ஆறு மாசத்துல அதுலயும் ஓரத்துல புது இழை தெரிஞ்சது. அன்னிக்கே லேசர் தொடங்கினாங்க, மூணு தடவையா 1,500 புள்ளிகள் கிட்ட. முதல் தடவை முடிஞ்சதும் "பார்வை ஒண்ணும் கூடலையே"ன்னு கேட்டார். லேசர் இருக்கிற பார்வையை நிறுத்தி வைக்கத்தான், கூட்ட இல்லைன்னு டாக்டர் போர்டைக் காட்டி விளக்கினார். ஆக்சிஜன் போதாம "குழாய் முளை"ன்னு சைகை அனுப்பற ஓரப்பகுதியைச் சுட்டு அமைதிப்படுத்தறாங்க. அதுக்குப் பதிலா இருட்டுல கொஞ்சம் தடுமாற்றம் வரும், இப்போ ராத்திரி வண்டி எடுக்கறதில்லைன்னு சொன்னார். வலது கண் இன்னும் 6/6.