கூம்பு ஊசல்: கோண உந்தம் எனக்கு இரண்டு மடங்காக வருகிறது, எங்கே தப்பு?

கவிதா:
நூல் 1 மீ, குண்டு 0.2 கிகி, நூலின் சாய்வு செங்குத்திலிருந்து 30°. கோண வேகம் 3.36 ரேடியன்/நொடி, குண்டின் வேகம் 1.68 மீ/நொடி. நூல் கட்டிய புள்ளியை வைத்து m·l·v போட்டால் 0.336 வருகிறது. விடைப் பக்கத்தில் 0.168. இரண்டு நாளாகத் தேடுகிறேன், அந்த 2 எங்கே போனது?

முருகன்:
நூல் நீளத்தைப் போட்டதுதான் தப்பு. வட்டத்தின் ஆரம் 0.5 மீ, அதைப் போடுங்க. இழுவிசை கட்டிய புள்ளி வழியாகப் போவதால் அங்கே திருப்புவிசை கிடையாது. அதனால் கோண உந்தம் மாறவே மாறாது.

சுந்தர்:
ஆரம் சொன்னது சரி முருகன், ஆனால் புவியீர்ப்பை விட்டுவிட்டீங்க. கட்டிய புள்ளியைப் பொறுத்து அதன் திருப்புவிசை 0.2 × 9.8 × 0.5 = 0.98.

கவிதா, உங்கள் 0.336 தப்பில்லை. அது முழு வெக்டரின் அளவு. அந்த வெக்டர் நூலுக்குச் செங்குத்தாக, மேல்நோக்கி, குண்டு இருக்கும் பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அதன் செங்குத்துக் கூறு 0.336 × sin 30° = 0.168. புத்தகம் கேட்டது செங்குத்து அச்சைப் பற்றி, அதனால் அது மட்டும்தான் விடை. மிச்சமுள்ள கிடைக்கூறு 0.291, அது குண்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கிறது. அளவு மாறாது, திசை மாறும். மாறும் வீதம் 3.36 × 0.291, அதாவது 0.98. மேலே வந்த திருப்புவிசை அதேதான், பாருங்கள்!

கவிதா:
போட்டுப் பார்த்தேன், வருகிறது. அப்போ வட்டத்தின் மையத்தை வைத்தால் கிடைக்கூறே இருக்காது, இல்லையா?

சுந்தர்:
ஆமாம். அங்கே இரண்டு விசைகளும் சேர்ந்து மையத்தை நோக்கி இழுப்பதால் திருப்புவிசை பூஜ்யம். அச்சில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் செங்குத்துக் கூறு அதே 0.168தான்.

வேலு:
என் கேள்வி கொஞ்சம் வேறு. நூலை ஒரு குழாய் வழியாக மெதுவாக மேலே இழுத்து, 1 மீட்டரை 0.5 ஆக்கினேன். எதை மாறாமல் வைத்துக் கணக்குப் போடணும்?

சுந்தர்:
செங்குத்துக் கூறை மட்டும். புவியீர்ப்புக்கும் இழுவிசைக்கும் அந்த அச்சைப் பற்றித் திருப்புவிசை இல்லை. அதிலிருந்து l³ sin⁴θ / cosθ மாறாது என்று வரும். உங்கள் தொடக்கக் கோணமும் 30° என்றால் முடிவில் 51° ஆகணும். முழு அளவை மாறாமல் வைத்தால் விடை தப்பாகிவிடும்.

வேலு:
தொடக்கம் 30°தான். ஆனால் வீடியோவில் அளந்தால் 45° தாண்டவில்லை.

சுந்தர்:
காற்றா, குழாய் விளிம்பின் உராய்வா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. நூலை இழுக்காமல், இழுக்க எடுத்த அதே அளவு நேரம் சும்மா சுற்றவிட்டு, கோணம் எவ்வளவு இறங்குகிறது என்று முதலில் அளந்து போடுங்க.