யூனிட் 3 ரூவான்னு நினைச்சா 7 ரூவா வருது, ஃப்யூல் சார்ஜ் பார்த்தீங்களா?

வதோதரா செல்வி: நாங்க குஜராத் வந்து ஆறு வருஷம் ஆச்சு. 2025 ஜனவரியில வந்த ரெண்டு மாச கரண்ட் பில்லை வச்சு உக்காந்து கணக்கு போட்டேன். 400 யூனிட். முதல் 100 யூனிட் 3.05, அடுத்த 100 3.50, மீதி 200 4.15, ஆக 1,485 ரூவா, சராசரி 3.71தான். ஆனா கீழ ஃப்யூல் சார்ஜ்னு யூனிட்டுக்கு 2.45 போட்டு 980 ரூவா, ஃபிக்ஸட் 50, இதெல்லாத்துக்கும் மேல டியூட்டின்னு 15 சதவீத கரண்ட் வரி, மொத்தம் 2,892. வகுத்துப் பார்த்தா யூனிட் 7.23! ஏறக்குறைய ரெண்டு மடங்குங்க.

சூரத் பாலா: அந்த ஃப்யூல் சார்ஜ் இந்த மாச நிலக்கரி விலைக்கா, இப்போ நாம கம்மியா யூஸ் பண்ணா ரேட்டே இறங்கிடும்ல?

ஓய்வுபெற்ற அக்கவுண்டன்ட்: தம்பி, பில்லு குறையும், ரேட்டு குறையாது. முந்தின காலாண்டுல நிலக்கரி, வெளியில வாங்கின கரண்ட் ரெண்டும் டாரிஃப் போடும்போது கணக்கு வச்சதை விட எவ்ளோ ஏறுச்சோ, அந்த வித்தியாசத்தை வித்த யூனிட்டால வகுத்து இப்போ வாங்குறாங்க. இன்னொன்னு கவனிங்க, 3.05 யூனிட்டுக்கும் அதே 2.45தான், மாசம் 250ஐத் தாண்டினா வர்ற 5.20 யூனிட்டுக்கும் அதே 2.45தான். கம்மியா எரிக்கிற வீட்டுக்கு அது அடிப்படை விலையில 80 சதவீதம், மேல் ஸ்லாபுக்கு பாதிகூட இல்ல. அந்த 2.45 மேலயும் டியூட்டி ஏறி 2.82 ஆயிடுது, இது பாதி பேருக்குத் தெரியாது.

டெல்லி கடைக்காரர்: எங்க ஊர்ல ஃப்யூல் சார்ஜ் யூனிட்டுக்கு இவ்ளோன்னு இல்ல, பில்லுல இவ்ளோ சதவீதம்னு போடுவாங்க. அதும் ஃபிக்ஸட் சார்ஜ் மேலயும் போடுவாங்க. ஊருக்குப் போயிட்டு ரெண்டு மாசம் கடையைப் பூட்டி வச்சிருந்தேன், ஒரு யூனிட்கூட ஓடல, அப்பவும் அந்த சார்ஜ் பில்லுல நிக்குது, எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு.

சூரத் பாலா: என் ஹவுஸ் ஓனர் சப் மீட்டருக்கு யூனிட் 9 ரூவா வாங்குறாரு. இப்போ தெரியுது, 7.23தானே, மீதியை அமுக்கிடுறாரா?

வதோதரா செல்வி: அப்படித்தான் தோணுது, எங்க பழைய ஓனரும் 8 வாங்கினாரு.

ஓய்வுபெற்ற அக்கவுண்டன்ட்: அவசரப்படாதீங்க. ஓனர் வீடும் உங்க வீடும் ஒரே மெயின் மீட்டர்னா, உங்க யூனிட் சேர்ந்து மாசம் 250ஐத் தாண்டியிருக்கும். செல்வி ஊரோட அந்த 2025 ஜனவரி ரேட்டுப்படி பார்த்தா அதுக்கு மேல 5.20, கூட 2.45, டியூட்டி சேர்த்தா 8.80 ஆகுது. அப்போ 9 ரூவா பெரிய கொள்ளை இல்ல. அவரோட மெயின் பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்க, மொத்த யூனிட் எவ்ளோ, ஃப்யூல் சார்ஜ் அந்த மாசம் எவ்ளோன்னு.

சூரத் பாலா: பில்லு கேட்டா முகத்தைத் திருப்பிக்கிறாருங்க. ஆனா அவர் வீட்டு யூனிட் கம்மின்னா மேல் ஸ்லாபு பாரம் எனக்கு மட்டும் ஏன்?

ஓய்வுபெற்ற அக்கவுண்டன்ட்: நியாயமான கேள்வி. அதை ரெண்டு பேரும் பேசித்தான் பிரிக்கணும்.