சம்பளத்தில் பாதி தவணைக்கு: எந்தச் சம்பளத்தில்?

ஓசூர்க்காரன்:
சம்பளத்தில் பாதி வரை வீட்டுக்கடன் தவணைக்குப் போகலாம் என்பது விதி. என் மொத்தச் சம்பளம் 80,000. பாதி 40,000. எட்டரை வட்டி, 20 வருஷம் என்றால் லட்சத்துக்கு 868 ரூபாய் தவணை. ஆக, 46 லட்சம் எனக்கு உரிமை. வங்கியில் 32 லட்சம்தான் என்கிறார்கள். இது ஏமாற்று வேலையா இல்லையா?

பழைய மேலாளர்:
உரிமையாம்! வீட்டுக்கடன் என்ன ரேஷன் அரிசியா, கார்டுக்கு இவ்வளவு என்று பையில் அள்ளிக்கொண்டு வர? தம்பி, 22 வருஷம் கடன் பிரிவில் உட்கார்ந்தவன் சொல்கிறேன். பி.எஃப். போன்ற கட்டாயப் பிடித்தங்கள் போக மிச்சமிருப்பதுதான் சம்பளம். அதில்தான் பாதி. மொத்தத்தில் இல்லை. சம்பளச் சீட்டை அப்படியே இங்கே போடுங்கள், 32 எங்கிருந்து வந்தது என்று காட்டுகிறேன்.

ஓசூர்க்காரன்:
முதலில், நான் யாருக்கும் தம்பி இல்லை, எனக்கு 43 வயது. சீட்டுதானே? மொத்தம் 80,000. பி.எஃப். 4,800, இதர 200, சொசைட்டி கடன் 5,000. கைக்கு வருவது 70,000. பைக் கடன் 4,500, அது தனியாக அக்கவுண்டிலிருந்து போகிறது. உங்கள் பேச்சுப்படி கைக்கு வருவதில் பாதி என்றாலும் 35,000, அதற்கே 40 லட்சம் வருகிறது. 32 எப்படி? என் நண்பருக்கு வேறோர் இடத்தில் மொத்தச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். கடிதத்தை என் கண்ணால் பார்த்தேன்.

பழைய மேலாளர்:
வயதைக் கேட்கவில்லை, சீட்டைத்தான் கேட்டேன். சரி, பொறுமையாகப் படியுங்கள்.

80,000-இல் பி.எஃப்., இதர பிடித்தம் சேர்த்து 5,000 போனால் 75,000. பாதி 37,500. இந்த 37,500 வீட்டுக்கு மட்டும் இல்லை, உங்கள் எல்லாத் தவணைக்கும் சேர்த்துத்தான். அதைத்தான் நீங்கள் மறந்துவிட்டீர்கள், அல்லது மறந்த மாதிரி இருக்கிறீர்கள். சொசைட்டிக்கு 5,000, பைக்குக்கு 4,500 போக மிச்சம் 28,000. அதை 868-ஆல் வகுத்துப் பாருங்கள், 32 லட்சத்துச் சொச்சம். வங்கிக்காரன் சரியாகத்தான் போட்டிருக்கிறான்.

இன்னொன்று. சில இடங்களில் அவசரத்தில் கைக்கு வரும் 70,000-ஐ எடுத்து, அதில் பாதியிலிருந்து சொசைட்டியை மறுபடியும் கழிப்பார்கள். அப்படிச் செய்தால் 25,500 ஆகி, 29 லட்சத்துக்கு இறங்கிவிடும். ஒரே கடனை இரண்டு முறை கழித்த கதை. உங்களுக்கு அப்படி நடக்கவில்லை. சந்தோஷப்படுங்கள்.

ஓசூர்க்காரன்:
சொசைட்டி கடன் சிபிலில் வராதே? அதை ஏன் கழிக்க வேண்டும்? அப்புறம், நண்பருக்கு மொத்தச் சம்பளம்தான். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பழைய மேலாளர்:
சிபிலில் பெரும்பாலும் வராதுதான். ஆனால் சம்பளச் சீட்டில் கொட்டை எழுத்தில் இருக்கிறதே. சீட்டைப் பார்க்காமல் கடன் கொடுக்க, அங்கே உட்கார்ந்திருப்பவர் உங்கள் மாமாவா?

கூடல்நகர்:
நீங்கள் இரண்டு பேருமே தப்பு. 50 எல்லாம் இல்லை, 80 சதவீதம். ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. கூகுளில் போட்டால் வரும்.

கணக்குப்பிள்ளை:
கூடல்நகர் அண்ணே, அந்த 80 வீட்டு மதிப்பில். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்பது அது. சம்பளத்தில் 80 சதவீதம் தவணைக்குப் போனால் சோற்றுக்கு என்ன செய்வது?

மேலாளர் சார், உங்களுக்கும் ஒன்று. "பாதி" என்று சட்டம் மாதிரி பேசுகிறீர்கள். தவணை சம்பளத்தில் இத்தனை சதவீதம்தான் என்று வீட்டுக்கடனுக்கு ரிசர்வ் வங்கி எதையும் வைக்கவில்லை. ஒவ்வொரு வங்கியும் தானே வைத்துக்கொள்கிறது. சம்பளம் ஏற ஏறச் சதவீதத்தையும் கூட்டும் இடங்கள் உண்டு. மொத்தச் சம்பளத்தை அடிப்படையாக வைப்பவர்களும் உண்டு. ஓசூர்க்காரர் நண்பரின் கடிதம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

ஓசூர்க்காரன்:
கேட்டுக்கொள்ளுங்கள் மேலாளரே! மொத்தம்!

பழைய மேலாளர்:
பாதிதான் கேட்டது போலிருக்கிறது. மொத்தத்தை வைப்பவன் சதவீதத்தைக் குறைத்து வைப்பான், 40 என்று வையுங்கள். உங்கள் 80,000-இல் 40 சதவீதம் 32,000. சொசைட்டியும் பைக்கும் போனால் 22,500. 26 லட்சம்கூடத் தேறாது. மொத்தம், மொத்தம் என்று கேட்டு வாங்கினால் ஆறு லட்சம் நஷ்டம். நண்பரின் கடிதத்தில் எத்தனை சதவீதம் என்று இருந்தது? அதைச் சொல்லுங்கள்.

ஓசூர்க்காரன்:
சதவீதம் எனக்கு எதற்கு? மொத்தமா இல்லையா என்பதுதான் கேள்வி.

தாமிரபரணி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இங்கே யாரும் சொல்லாத ஒன்று எங்களுக்கு நடந்தது. என் சம்பளத்தில் மட்டும் பார்த்தால் கொஞ்சம் குறைந்தது. "உங்கள் வீட்டுக்காரரையும் சேருங்கள், கூடும்" என்று ஏஜென்ட் சொன்னார். அவர் சம்பளம் 22,000, அதில் பாதி 11,000. ஆனால் அவருக்கு ஏற்கனவே தனிநபர் கடன் தவணை 14,000 ஓடிக்கொண்டிருந்தது. சேர்த்ததும் கூடவில்லை, 3,000 ரூபாய்த் தவணைக்கான கடன் குறைந்தது. மூன்றரை லட்சம் போச்சு. அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையை இங்கே எழுத முடியாது. அவரை விலக்கி மறுபடி விண்ணப்பித்தோம்.

பழைய மேலாளர்:
அம்மா, இதுதான் அனுபவம். ஓசூர்க்காரரே, படியுங்கள். உங்கள் பைக் கடன் இன்னும் எத்தனை மாதம்?

ஓசூர்க்காரன்:
பத்து மாதம். அதற்கென்ன?

பழைய மேலாளர்:
நாற்பதாயிரம் சொச்சத்தில் முடிந்துவிடும். முன்கூட்டி அடைக்கக் கட்டணம் இருந்தால் அதையும் கேட்டுக்கொண்டு அடையுங்கள். கடனில்லை என்று சான்று வாங்கிக் கொடுங்கள். 4,500 விடுபட்டால் 32,500. 37 லட்சம் வரும். ஐந்து லட்சம் அந்த பைக் மேலே உட்கார்ந்திருக்கிறது. 30 வருஷமாக நீட்டினால் பைக்கைத் தொடாமலே 36 லட்சம் வரும், ஆனால் பத்து வருஷம் கூடுதலாகக் கட்ட வேண்டும், உங்கள் 43 வயதுக்கு 30 வருஷம் தரவும் மாட்டார்கள். பார்த்தீர்களா, வயது கடைசியில் உதவியது.

சிக்கனம் சீனு:
இவ்வளவு கூத்துக்கு வாடகை வீட்டிலேயே இருந்துவிடலாம்.

கணக்குப்பிள்ளை:
சீனு வந்துவிட்டார். போன வருஷம் சீட்டுப் பணம் பற்றிப் பேசும்போதும் இதையேதான் சொன்னார்.

சிக்கனம் சீனு:
அன்றைக்கு என் பேச்சைக் கேட்டவர்கள் சீட்டில் பணத்தை இழக்கவில்லை. நீங்கள் இழந்தீர்கள்.

கணக்குப்பிள்ளை:
அது வேறு விஷயம், இங்கே வேண்டாம். மேலாளர் சார், கடைசித் தவணைகள் சில மட்டும் மிச்சமுள்ள கடனைக் கழிக்காமலே விடும் வங்கிகளும் உண்டு. பைக்கை அடைக்கும் முன் அதைக் கேட்கச் சொல்லியிருக்கலாமே?

பழைய மேலாளர்:
எங்கள் கிளையில் அப்படி இல்லை.

கணக்குப்பிள்ளை:
உங்கள் கிளையில் இல்லை என்பதால் ஊரிலேயே இல்லையா?

பழைய மேலாளர்:
22 வருஷம், ஐயா. 22 வருஷம்.

கூடல்நகர்:
அப்போ 80 சதவீதம் யாருக்கு?

ஓசூர்க்காரன்:
பைக் என் மச்சான் பெயரில் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. நாளை வேறு வங்கிக்குப் போகிறேன். முதல் கேள்வியே மொத்தச் சம்பளமா என்பதுதான்.