புதுப்பிப்பு: கிம்பல் ஆட்டம் முக்காவாசி நின்னுச்சு

முன்னாடி கேட்டது: "போன் ஆடாம வீடியோ எடுக்க புது கிம்பல் வாங்குனேங்க, நடந்து எடுத்தா மோட்டார் உர்ருனு அதிருது, ஃப்ரேமும் ஆடுது, ஏன்?"

கல்யாண வீடியோ எடுக்குற அண்ணன் சொன்னபடி பவர் ஆஃப்ல போனை மாட்டி கையை விட்டேன், போன் கேமரா இருக்குற பக்கமா சாஞ்சுது, கிளாம்ப்புல போனை லேசா எதிர்ப்பக்கம் நகர்த்துனதும் நேரா நின்னுச்சு, அதிர்வும் போச்சு. ப்ளூடூத்தை போன் செட்டிங்ஸ்ல இல்லாம கிம்பலோட ஆப் வழியா இணைச்சதும், அதுவரை வேலை செய்யாத கிம்பல் பட்டனும் வேலை செஞ்சுது.

லாக் மோடு போடுங்கன்னாரு ஒரு தம்பி. நேர் ரோட்டுக்கு ஓகே, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல நான் திரும்பியும் கேமரா பழைய பக்கத்தையே பாத்துது! பேன் ஃபாலோ போட்டேன், மெதுவா கூட வருது, மேல கீழ சாயாம.

பைக்ல மாட்டலாமானு கேட்டவருக்கு: நான் நடக்கறதைத்தான் கேட்டேன்பா.

காலடி வைக்கிறப்ப வர்ற குதிப்பு மட்டும் இன்னும் இருக்கு, முட்டியை மடக்கி நடந்தா குறையுது, போகல.