நகத்தடி மொளியில் முண்டு: உங்கள் அனுபவம் என்ன?

கச்சான்காரி, முள்ளியவளை
எனக்கு 58 வயது. வலது கையில் ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும், நகத்துக்குக் கீழே இருக்கிற மொளியில் இரண்டு பக்கமும் புளியங்கொட்டையை ஒட்டிவிட்டது போல முண்டு வந்திருக்கிறது. தொட்டால் கல். காலையில் பத்து நிமிடம் விரல் மடங்காது, பிறகு சரியாகிவிடும். விதைக்குக் கச்சான் உடைக்க உட்கார்ந்தால்தான் உயிர் போகிறது. அம்மாவுக்கும் இதே முண்டு இருந்தது. பக்கத்து வீட்டில் முடக்குவாதம் என்று பயமுறுத்துகிறார்கள். வீட்டில் என்ன செய்து சமாளித்தீர்கள்?

மல்லாவி மாமா
அது யூரிக் அமிலம் தங்கச்சி. இறைச்சியையும் பருப்பையும் நிறுத்துங்கோ, முண்டு கரைந்துவிடும். எனக்குக் கால் பெருவிரலில் வந்து அப்படித்தான் அடங்கியது.

தருமபுரம் அக்கா
எனக்கு முழங்காலில். நல்லெண்ணெய் பூசி வெயிலில் இருப்பேன். விரலுக்கும் கேட்குமோ தெரியாது.

ஓய்வுபெற்ற தாதி, வவுனியா
முடக்குவாதம் பெரும்பாலும் மணிக்கட்டிலும் விரல் தொடங்குகிற மொளியிலும் பிடிக்கும். அங்கே வீக்கம் மெத்தென்று இருக்கும், காலை இறுக்கம் ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் நிற்கும். நகத்தடி மொளியில் கல்லான முண்டு, தாய்க்கும் இருந்தது, மாதவிடாய் நின்ற வயது என்றால் அது தேய்வு வாதம். குருத்தெலும்பு தேயத் தேய ஓரத்தில் எலும்பு வளர்கிறது. வளர்ந்த எலும்பு பத்தியத்துக்கும் எண்ணெய்க்கும் கரையாது. ஆனால் வளரும் காலத்தில்தான் நோவு கூட. பலருக்குப் பிறகு முண்டு நிற்க நோவு தணிந்துவிடும். நகத்தில் குழிகுழியாக விழுந்தாலோ தோல் செதில் செதிலாக உரிந்தாலோ அது வேறு வாதம், கட்டாயம் காட்ட வேண்டும்.

மாமா சொன்னதையும் முழுதாகத் தள்ளிவிட முடியாது. பிரஷருக்குச் சலம் போகிற குளிசை எடுக்கும் வயதான பெண்களுக்கு இதே முண்டில் யூரிக் உப்பு படிவதுண்டு. ஒரே இரவில் சிவந்து, சுட்டு, தொடவே விடாமல் வீங்கினால் அப்போது இரத்தம் சோதியுங்கள்.

நோவுக்கு முதலில் டைக்ளோபெனாக் ஜெல். நோகிற மொளிக்கு ஒரு கடலையளவு, நாளுக்கு மூன்று நான்கு தரம். பூசி ஒரு மணித்தியாலமாவது கை கழுவக் கூடாது. சமைக்கிற கைக்கு அதுதான் பெரிய சோதனை! அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும்போதும் தவறவிடாதீர்கள். பனடோல் இந்த நோவுக்குப் பெரிதாகக் கேட்பதில்லை. அதற்காகப் பார்மசியில் நோக்குளிசை வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். சிறுநீரக நோய் நம்முடைய பக்கம் ஏற்கனவே மலிந்து கிடக்கிறது.

கச்சான்காரி
நடுவிரலில் நகத்தோடு சேர்ந்து பளபளவென்று ஒரு சின்னக் கொப்புளமும் இருக்கிறது. எலுமிச்சை முள்ளால் குத்திவிடலாமா?

ஓய்வுபெற்ற தாதி
வேண்டாம். அது மொளிக்குள்ளிருந்து கசிந்து வந்த பசை, உள்ளே வழி இருக்கிறது. முள்ளில் இருக்கிற கிருமி நேரே மூட்டுக்குள் போகும். என் வார்டில் அப்படி ஒருவர் விரல் சீழ்பிடித்து வாரக்கணக்கில் கிடந்தார். தானாக உடைந்தால் சுத்தமான துணியால் மூடிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள்.

மல்லாவி மாமா
சரி, நான் தோற்றேன். ஆனால் என் மனைவி ஐஸ்கிரீம் குச்சியை வெட்டி, நுனி மொளி மட்டும் நேராக நிற்கிற மாதிரி இரவில் பிளாஸ்டர் போட்டுக் கட்டுவார். காலையில் நோவு குறைவு என்கிறார்.

ஓய்வுபெற்ற தாதி
நல்ல வேலை. நடு மொளி மடங்க வேண்டும், விரல் நுனி நீலமாகக் கூடாது. மூன்று மாதமளவு கட்டிப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் பிசியோ பகுதியில் அளவெடுத்துச் செய்து தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள், அது இன்னும் நல்லது.

கச்சான்காரி (இரண்டு மாதம் கழித்து)
முண்டு அப்படியே இருக்கிறது. நோவு பாதிக்கு வந்துவிட்டது. எனக்கு அதிகம் உதவியது, விரல் நுனியால் கிள்ளுவதை விட்டதுதான். கச்சானைச் சாக்கில் பரப்பி, மேலே பலகை வைத்து உள்ளங்கையால் உருட்டினால் கோது வெடித்துவிடும். பருப்பு நாலைந்து பிளந்து போகும், அது கறிக்கு. தேங்காய்ப்பால் பிழிவதையும் விட்டுவிட்டேன். துருவலைத் துணியில் கட்டி, தட்டால் அமுக்குகிறேன். கத்திப்பிடிக்கும் தும்புத்தடிக்கும் பழைய சைக்கிள் டியூப் சுற்றியாயிற்று, மொத்தமாக இருந்தால் பிடி இளகுகிறது. உடைக்க உட்காருமுன் பத்து நிமிடம் இளஞ்சூட்டு நீரில் கையை வைப்பேன்.

கொப்புளத்தைக் குத்தவில்லை. நடுவிரல் நுனி மட்டும் கொஞ்சம் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்துவிட்டது. குச்சி கட்டினால் அது நிமிருமா, யாருக்காவது நிமிர்ந்ததா?

தருமபுரம் அக்கா
எனக்கு நிமிரவில்லை தங்கச்சி. ஆமாம், இப்போது எனக்கும் விரலில்தான்.